அனுப்பிய மெயில் திரும்பி வருமா?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர், ஒரு டி-ஷர்ட்டுக்கான காஸ்டிங் ஷீட்டை முதலாளி மாரியப்பனுக்கு ஜிமெயிலில் அனுப்புகிறார். நூல் விலை, நிட்டிங், சாயம், தையல் கூலி எல்லாம் போட்டு, கடைசி வரியில் லாபம். முகவரிக் கட்டத்தில் mar என்று தட்டியதுமே ஒரு பெயர் வந்து நிற்கிறது. அதையே தேர்ந்தெடுத்து Send அழுத்திவிட்டார். பிறகுதான் கண்ணில் படுகிறது, போனது மாரியப்பனுக்கு இல்லை; ஜெர்மனியில் இருக்கும் பையர் மார்ட்டினுக்கு. அந்தக் கடைசி வரியைப் பார்க்கவே கூடாத ஆள்.

அந்த நேரத்தில் கணினித் திரையின் இடதுபக்கக் கீழ் மூலையில் Message sent என்று ஒரு சின்னப் பட்டை தெரியும். பக்கத்திலேயே Undo. அதை அழுத்தினால் Sending undone என்று வரும். மெயில் எழுதியபடியே மறுபடி திறக்கும். முகவரியை மாற்றி அனுப்பிவிடலாம். கைபேசியிலும் திரையின் அடியில் இதே Undo வரும்.

இதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. போன மெயிலை ஜிமெயில் பிடித்து இழுத்து வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் மெயில் கிளம்பவே இல்லை. நாம் Send அழுத்தியதும் அதைச் சில நொடிகள் கையிலேயே வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்கிறோமா என்று ஜிமெயில் பார்க்கிறது. 2009-இல் சோதனை வசதியாக வந்து, 2015-இல் எல்லோருக்குமான அமைப்பாக மாறிய இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் அவ்வளவுதான்.

நாம் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால் கிடைப்பது 5 நொடி. தப்பு நடந்தது மண்டையில் ஏறவே அது போதாது. கணினியில் மேலே வலதுபக்கம் இருக்கும் பற்சக்கரத்தை அழுத்தி, See all settings போய், General பகுதியில் Undo Send என்ற வரியைப் பாருங்கள். 5, 10, 20, 30 என்று நான்கு அளவுகள் இருக்கும். 30-ஐத் தேர்ந்தெடுத்து, பக்கத்தின் அடியில் Save Changes அழுத்த மறக்காதீர்கள். அதை அழுத்தாமல் வெளியேறினால் பழைய 5 நொடிதான். இதனால் எல்லா மெயிலும் அரை நிமிடம் தாமதமாகக் கிளம்பும். அதற்கு மேல் நீட்ட வழியில்லை.

அந்த நேரமும் கடந்துவிட்டால்? மெயில் மார்ட்டினுடைய நிறுவனத்தின் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கிருந்து அதை எடுக்க ஜிமெயிலுக்கு உரிமை கிடையாது. நம் Sent பெட்டியில் அழித்தால் அழிவது நம்மிடமுள்ள பிரதி மட்டும். அவுட்லுக்கில் Recall என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள்; அது ஒரே நிறுவனத்தின் மெயில் அமைப்புக்குள் இருப்பவர்களுக்கு இடையில்தான் செல்லும். வெளி ஆளுக்குப் போனதை அது தொடாது.

இனி பார்க்க வேண்டியது, அந்த ஷீட் எப்படிப் போனது என்பதை. கோப்பாகவே இணைத்திருந்தால் பிரதி அவரிடம் போய்விட்டது. கூகுள் டிரைவ் இணைப்பாக அனுப்பியிருந்தால் இன்னும் வழி இருக்கிறது. கோப்பைத் திறந்து Share அழுத்துங்கள். பட்டியலில் மார்ட்டின் பெயர் இருந்தால் Remove access கொடுங்கள். General access என்ற இடத்தில் Anyone with the link என்று இருந்தால் Restricted என்று மாற்றுங்கள். மெயில் அவரிடமே இருக்கும். அழுத்தினால் கோப்பு திறக்காது. அதற்குள் தரவிறக்கியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. மெயிலில் பாஸ்வேர்டு போயிருந்தால் உடனே அதை மாற்றிவிட வேண்டும்.

இல்லாத முகவரிக்குப் போயிருந்தால் சற்று நேரத்தில் Address not found என்று ஒரு பதில் திரும்பி வரும். அன்றைக்கு அது நல்ல சேதி, யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

அடுத்து முதலாளியிடம் உடனே சொல்லிவிட வேண்டும். மார்ட்டின் மறுநாள் விலை பேசும்போது அந்த லாபக் கணக்கை அவர் பிடித்துக்கொண்டால், மாரியப்பனுக்கு அப்போது தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல். பிறகு மார்ட்டினுக்கு இரண்டு வரி: “சற்று முன் வந்த மெயில் வேறொருவருக்கானது, தவறி உங்களுக்கு வந்துவிட்டது. திறக்காமல் அழித்துவிட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும்.” உள்ளே என்ன இருந்தது என்று விளக்கப் போனால், திறக்காத மனிதரும் திறந்து பார்ப்பார்.

இனி காஸ்டிங் ஷீட் அனுப்பும்போது முதலில் கோப்பை இணைத்து, விஷயத்தை எழுதி முடித்து, முகவரியைக் கடைசியில் போடட்டும். To கட்டம் காலியாக இருக்கும்வரை, கை தவறி Send-ஐ அழுத்தினாலும் மெயில் எங்கும் போகாது.