ஆறு நாள் தாமதம், இரண்டு ஆண்டு காத்திருப்பு

மருத்துவக் காப்பீட்டு பாலிசி மார்ச் 31 நள்ளிரவோடு முடிந்தது; பிரீமியம் கட்டியது ஏப்ரல் 6. ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் இருப்பதால் தொடர்ச்சி அறுபடாது. ஆனால் இடைப்பட்ட நாட்களில் மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் அந்தச் செலவு நம் தலையில்தான்.

பணம் போய்விட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. புது பாலிசி அட்டவணையில் ‘முதல் பாலிசி தொடங்கிய தேதி’யைப் பாருங்கள். அங்கே பழைய ஆண்டுக்குப் பதில் இந்த ஏப்ரல் இருந்தால், புதுப்பித்தலாக அல்லாமல் புது பாலிசியாகப் பதிந்திருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கான மூன்றாண்டுக் காத்திருப்பில் இரண்டைக் கடந்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். சேர்ந்த போனஸும் போகும்.

உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் “அதெல்லாம் இருக்கு சார்” என்பது கிளெய்ம் நேரத்தில் செல்லாது. பழைய, புதிய பாலிசி எண்களையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்து இப்படிக் கேட்கலாம்: “சலுகைக் காலத்துக்குள் புதுப்பித்துள்ளேன். கடந்த காத்திருப்புக் காலமும் போனஸும் தொடர்வதை எழுத்தில் உறுதிசெய்து, தேதியைத் திருத்திய அட்டவணை தரவும்.” மழுப்பினால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி, அதன்பின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளம்.