விலைப்பலகையில் விடுதலை நாள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் விளையாட்டுப் பொருள் கடைகளில் கூட்டம் தானாகவே கூடும். பள்ளிகளில் போட்டிகள் நடக்கும். ஊர் இளைஞர் மன்றங்கள் சுதந்திர தினத்தை ஒட்டி கைப்பந்து, கபடி என்று ஏதாவது ஒன்றை நடத்தும். கோப்பை, பந்து, வலை, பனியன் எல்லாம் அந்த ஒரு வாரத்தில்தான் வாங்கப்படும். ஆகவே கடைக்காரர் அந்தச் சமயத்தில் தள்ளுபடி அறிவிப்பதில் தவறு ஒன்றுமில்லை. அந்த அறிவிப்பில் நாட்டின் விடுதலையை எங்கே, எப்படி வைப்பது என்பதில்தான் சிக்கல்.

வழக்கமாக எழுதப்படும் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “வெள்ளையனை விரட்டியது போல் விலையை விரட்டினோம்! சுதந்திர தின அதிரடி! அனைத்துப் பொருள்களுக்கும் 20% தள்ளுபடி!” பின்னணியில் காவி, வெள்ளை, பச்சைப் பட்டைகள். நடுவில் அசோகச் சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக “20%” என்ற எண்.

இதில் இரண்டு வகைப் பிழைகள் இருக்கின்றன. ஒன்று சட்டத்தைத் தொடுவது, மற்றொன்று மனத்தைத் தொடுவது. சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். 1950-ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் தவறான பயன்பாட்டுத் தடுப்புச் சட்டம், தேசியக் கொடியையோ, பார்த்தால் அதுபோலவே தோன்றும் சாயலையோ மத்திய அரசின் அனுமதி இல்லாமல் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. காந்தி, நேரு ஆகியோரின் பெயரும் படமும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. 2002-இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித் தொகுப்பு, கொடியை எந்த விளம்பரத்திலும் பயன்படுத்தக் கூடாது, கொடியின்மேல் எழுத்து எதுவும் இருக்கக் கூடாது என்கிறது. மூன்று நிறப் பட்டைகளின் நடுவே சக்கரத்தை எடுத்துவிட்டுத் தள்ளுபடி எண்ணை வைப்பது, கொடியின் சாயலைக் காட்டி அதன்மேல் எழுதுவதுதான். அச்சகத்தில் இதை ஒருவரும் கேட்காமல் இருக்கலாம். ஆனாலும் ஆகஸ்ட் 14 இரவு பேனர் கட்டும் முன் கடைக்காரரே அதைக் கழற்றிவிடுவது நல்லது.

விளையாட்டுக் கடைக்கென்றே இன்னொரு எச்சரிக்கை உண்டு. 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின்படி, கொடியை இடுப்புக்குக் கீழே அணியும் உடையில் பயன்படுத்துவதும், கைக்குட்டை, உள்ளாடை போன்றவற்றில் அச்சிடுவதும் கொடியை அவமதிப்பதாகும். சட்டை, தொப்பி என்று தொடங்கும் “மூவர்ண சிறப்பு விற்பனை” மெல்லக் கால்சட்டைக்கும் காலுறைக்கும் இறங்கிவிடும். கொடியாகத் தெரியும் அச்சு அந்த இடத்துக்குப் போகவே கூடாது. பந்தில் அச்சிடுவதையும் நான் விரும்பமாட்டேன். பந்து உதைபடும் பொருள்.

இனி இரண்டாவது பிழை. சட்டம் தொடாத இடம் இது, எழுதுபவரின் மனச்சாட்சி மட்டுமே காவல் நிற்கும் இடம். “வெள்ளையனை விரட்டியது போல் விலையை விரட்டினோம்” என்ற வரியில் பலர் உயிரைக் கொடுத்துச் செய்த ஒன்று, ஒரு மட்டையின் விலைக் குறைப்புக்கு உவமை ஆகிவிடுகிறது. திருப்பூரில் தைத்த விளையாட்டு பனியனை விற்கும் கடைக்கு அந்த ஊரின் குமரனை நினைக்கத் தோன்றும். 1932 ஜனவரியில் கையில் கொடியோடு ஊர்வலம் போய், போலீஸ் தடியடியில் விழுந்து இறந்த இளைஞர் அவர். “குமரன் மண்ணின் ஜெர்சி, வெறும் 299!” என்று எழுதும்போது எழுதுபவருக்கு ஊர்ப்பற்றுதான் இருக்கும். ஆனால் படிப்பவர் கண்ணில் ஒரு சாவும் ஒரு விலையும் ஒரே வரியில் தெரிகின்றன. விலை இருக்கும் வரியில் உயிர்த் தியாகம் இருக்கவே கூடாது. இந்த விதிக்கு விலக்கு எதையும் நான் இதுவரை காணவில்லை.

அப்படியானால் அந்த நாளைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல், “ஆகஸ்ட் 15, 16, 17 சிறப்பு விலை” என்று மட்டும் போட்டுவிடலாமா? தாராளமாகப் போடலாம், அது நேர்மையான விளம்பரம். ஆனால் விளையாட்டுக் கடைக்கு அந்தத் தேதியோடு உண்மையான உறவு ஒன்று இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விடுவது வருத்தம்.

1936 பெர்லின் ஒலிம்பிக். ஹாக்கி இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 14-ஆம் தேதி நடப்பதாக இருந்தது. மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. எதிரணி ஜெர்மனி. இந்திய அணி ஜெர்மனியில் வந்திறங்கிய சில நாள்களில் ஆடிய பயிற்சி ஆட்டத்தில் இதே ஜெர்மனியிடம் தோற்றிருந்தது. அந்தத் தோல்வி அணித்தலைவர் தியான் சந்தின் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. இறுதி ஆட்டத்துக்கு முன், உடை மாற்றும் அறையில், அணியோடு சென்றிருந்த பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்தார். வீரர்கள் அதை வணங்கிவிட்டுக் களத்துக்குப் போனார்கள். வெளியே அவர்கள் ஆடியது பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரில். உள்ளே வணங்கியது தங்கள் கொடியை. இடைவேளையின்போது 1–0, ஆட்டம் முடிந்தபோது 8–1. அன்றைய தேதி ஆகஸ்ட் 15. நாடு விடுதலை பெறுவதற்கு மிகச் சரியாகப் பதினோரு ஆண்டுகள் முன்பு.

1948-இல் விடுதலை பெற்ற இந்தியா தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றதும் ஹாக்கியில்தான். லண்டன் வெம்ப்ளியில் பிரிட்டனையே 4–0 என்று வென்றார்கள். தேதி ஆகஸ்ட் 12.

கோவில்பட்டி போல ஹாக்கி மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் தெருவில் போகும் ஊரில் ஒரு கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடைக்கு 1936-ஐ விடப் பொருத்தமான செய்தி கிடைக்காது. ஆனால் இதையும் கெடுத்துவிட முடியும். “8 கோல் அடித்தார்கள், நாங்கள் 8 சலுகை தருகிறோம்” என்று எழுதினால் போதும், அந்த உடை மாற்றும் அறை ஒரு கணக்கு விளையாட்டாகச் சுருங்கிவிடும். எத்தனையாவது சுதந்திர தினமோ அத்தனை சதவீதம் தள்ளுபடி என்பதும் இதே ரகம். அதில் எண்ணே தவறிப்போகவும் வாய்ப்பு உண்டு. 1947-இல் கொண்டாடியதே முதல் சுதந்திர தினம் என்று எண்ணுவதால், 2025-இல் வந்தது 79-ஆவது. முடிந்த ஆண்டுகளோ 78.

நான் செய்வது ஒன்றுதான். அறிவிப்பை இரண்டு துண்டாக வெட்டி, நடுவே வெற்றிடம் விட்டுவிடுவேன். மேல் துண்டு அந்த நாளுக்கு உரியது. அதில் விலை, கடையின் புகழ், ஆச்சரியக்குறி எதுவும் வராது. கீழ்த் துண்டு வியாபாரத்துக்கு உரியது. அதில் தியாகமோ வீரமோ தலைகாட்டாது. மேல் துண்டைத் தனியே கிழித்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலும் பொருந்த வேண்டும். கீழ்த் துண்டை ஆகஸ்ட் இல்லாத வேறொரு மாதத்தில் போட்டாலும் செல்ல வேண்டும். ஒன்று மற்றொன்றின்மேல் சாய்ந்துகொண்டு நின்றால் இன்னும் வெட்ட வேண்டும் என்று பொருள்.

கீழ்த் துண்டில் எண்தான் முக்கியம். ஹாக்கி மட்டை ஒன்றில் அச்சிட்ட அதிகபட்ச விலை ரூ.1,200. கடைக்காரர் ஆண்டு முழுவதும் அதை ரூ.1,050-க்குத்தான் விற்கிறார். இப்போது ரூ.960-க்குத் தரப்போகிறார். “20% தள்ளுபடி” என்று போட்டால் அச்சிட்ட விலையை வைத்துப் பார்க்கையில் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் போன மாதம் வந்துபோன வாடிக்கையாளருக்கு மிச்சமாவது 240 ரூபாய் இல்லை, 90 ரூபாய். நாட்டின் நாளைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, அதே பலகையில் வாடிக்கையாளரை மயக்கக் கூடாது. கடை வழக்கமாக விற்கும் விலையையும் இப்போதைய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் போதும். மட்டை எத்தனை இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு மட்டையை வைத்துக்கொண்டு ஊரையே அழைப்பது, 2022-இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகளும் கண்டிக்கும் தூண்டில் வேலை.

இப்படி எழுதி முடித்த அறிவிப்பு இது:

“1936 ஆகஸ்ட் 15, பெர்லின். ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா ஜெர்மனியை 8–1 என்று வென்றது. களம் இறங்கும் முன் அந்த வீரர்கள் மூவர்ணக் கொடியை வணங்கினார்கள். நாட்டின் விடுதலைக்கு அப்போது இன்னும் பதினோரு ஆண்டுகள் இருந்தன. அவர்களை நினைத்துக்கொள்கிறோம். அனைவருக்கும் சுதந்திர தின வாழ்த்துகள்.”

இடையில் வெற்றிடம். அதன் கீழே:

“ஹாக்கி மட்டை: எங்கள் வழக்கமான விலை ரூ.1,050. ஆகஸ்ட் 15, 16, 17 மூன்று நாளும் ரூ.960. கையிருப்பு 40. ஆகஸ்ட் 15 அன்று பள்ளிகளில் கொடியேற்றம் முடிந்தபின், காலை 11 மணிக்குக் கடை திறக்கும்.”

இதற்குப் படம் வேண்டும் என்றால் பழைய ஹாக்கி மட்டை ஒன்றின் படமே போதும். கொடிப் படம் வேண்டாம். இன்று ஆடிக்கொண்டிருக்கும் வீரர் எவருடைய படமும் அவர் சம்மதம் இல்லாமல் வேண்டாம். வைத்தால் அவரே கடையைப் பரிந்துரைப்பதாகத்தான் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். நிறம் வேண்டும் என்றால் கடையின் சொந்த நிறமே இருக்கட்டும்.

இவ்வளவு அடக்கமாக எழுதினால் விற்குமா என்று கடைக்காரர் கேட்பார், கேட்க வேண்டிய கேள்விதான். தெருவில் வண்டியில் போகிறவர் 8–1-ஐப் படிக்கமாட்டார் என்பது உண்மை. வெளியே கட்டும் பேனரில் பொருள், விலை, தேதி மூன்றும் பெரிய எழுத்தில் இருக்கட்டும், வரலாறு அதில் வரவே வேண்டாம். பெர்லின் வரிகளைக் கடைக்குள் கல்லாவுக்கு அருகிலோ, வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப்புக்குப் போகும் செய்தியிலோ வைக்கலாம். நின்று படிக்க நேரம் இருக்கும் இடங்கள் அவை. மட்டை வாங்க வந்த பையனிடம் அப்பா அதை வாசித்துக் காட்டுவார். அந்த வாட்ஸ்அப் செய்தியை ஆகஸ்ட் 15 காலை எட்டு, ஒன்பது மணிக்கு அனுப்ப வேண்டாம். எல்லாரும் கொடிக் கம்பத்தின் கீழே நிற்கும் நேரம் அது. முந்தைய நாள் மாலையே அனுப்பிவிடலாம்.

பதினொரு மணிக்குத் திறப்பதில் ஊழியர்களுக்கும் பங்கு உண்டு. ஆகஸ்ட் 15 தமிழ்நாட்டில் சட்டப்படி சம்பளத்துடன் கூடிய விடுமுறை நாள். அன்று வேலைக்கு அழைத்தால் இரட்டைச் சம்பளமோ, மாற்று விடுமுறையோ தர வேண்டும். அறிவிப்பை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே, அன்று யார் யார் வருகிறார்கள், அவர்களுக்கு என்ன தரப்போகிறோம் என்பதையும் கடைக்காரர் எழுதி வைத்துவிட வேண்டும்.