இன்னும் எத்தனை டியூ?

குற்றாலத்தில் ஆனி, ஆடி சாரல் சீசன்தான் கடைக்காரர்களின் அறுவடைக் காலம். கோடையில் அருவி மெலிந்துவிடும். டியூ மட்டும் மாதாமாதம் அதே தேதியில் வந்து நிற்கும்.

தென்காசியில் பழக்கடை வைத்திருக்கும் ஒருவர் லோடு ஆட்டோவுக்கு 2 லட்சம் கடன் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது மாதத்துக்கு 1 சதவீதம். மாதத் தவணை 6,643 ரூபாய், 36 மாதம். முழுக்கக் கட்டினால் 6,643 × 36 = 2,39,148. அசலைக் கழித்தால் வட்டி 39,148.

முதல் மாதம் 2 லட்சத்துக்கு வட்டி 2,000. தவணையில் மிஞ்சும் 4,643 மட்டுமே அசலில் கழியும். அடுத்த மாதம் வட்டி 1,954, அசலில் 4,689. இப்படியே வட்டி குறையக் குறைய அசல் வேகமாகக் கரையும். 12 தவணை முடிந்ததும் பாக்கி 1,41,115. மூன்றில் ஒரு பங்குக் காலம் போயிற்று, ஆனால் அசலில் மூன்றில் ஒரு பங்கு இறங்கவில்லை.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பாக்கியைத் தவணையால் வகுத்தால் 21 சொச்சம் வரும். உண்மையில் மிச்சம் 24 தவணை. இனி ஏறப்போகும் வட்டியை அந்த வகுத்தல் சேர்க்கவில்லை. எக்செல் தெரிந்தவர்களுக்கு ஒரே வரி போதும்:

```
=NPER(1%,-6643,141115)
```

விடை 24. தவணைக்கு முன்னால் கழித்தல் குறி போடுவதும், ஆண்டு வட்டியை மாத வட்டியாக்குவதும் மறக்கக் கூடாது. 12% என்று அப்படியே போட்டால் கணக்கு பிழை காட்டும். ஒரு மாத வட்டியே தவணையைத் தாண்டுவதாக அது எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கடன் என்றைக்கும் அடையாது.

நல்ல சீசன் ஒன்றில் கடைக்காரர் 13-ஆம் மாதத் தொடக்கத்தில் 30,000 சேர்த்துக் கட்டுகிறார். பாக்கி 1,11,115. மறுபடி NPER போட்டால் 18.4 வருகிறது. அதன் பொருள் 18 முழுத் தவணை, பிறகு ஒரு சிறிய தவணை. அந்தக் கடைசித் தவணை ஏறக்குறைய 2,635 ரூபாய். (புள்ளிக்குப் பிந்தைய 0.4-ஐத் தவணையால் பெருக்கினால் இந்தத் தொகை சரியாகக் கிடைக்காது.) மொத்தம் 79,716 + 30,000 + 1,19,574 + 2,635 = 2,31,925. ஐந்து மாதம் முன்னதாகக் கடன் முடிகிறது, ஏறக்குறைய 7,200 ரூபாய் மிச்சம். முன்கூட்டி அடைக்கக் கட்டணம் கேட்டால் அதை இதில் கழித்துப் பார்க்க வேண்டும்.

பணத்தைக் கட்டினால் மட்டும் போதாது. சில இடங்களில் அதை அசலில் கழிக்காமல், அடுத்த டியூக்களுக்கான முன்பணமாக வைத்துவிடுவார்கள். வேறு சில இடங்களில் மாதங்களைக் குறைக்காமல் தவணைத் தொகையைக் குறைப்பார்கள்; அப்போது வட்டி இவ்வளவு மிஞ்சாது. கண்டுபிடிப்பது எளிது. அடுத்த மாதக் கணக்கில் வட்டி 1,111 என்று இருந்தால் பணம் அசலில் கழிந்திருக்கிறது. 1,411 என்று இருந்தால் கழியவில்லை. புதிய தவணை அட்டவணை கேட்டு அன்றைக்கே கிளைக்குப் போக வேண்டியதுதான்.