நேற்றைய மூன்று விலைகள், இன்றைய எல்லைக்கோடுகள்

ஒரு பங்கு நேற்று அதிகபட்சம் 520 ரூபாய், குறைந்தபட்சம் 500, முடிவு விலை 516 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 512. இதுதான் இன்றைய பிவட் புள்ளி.

பிவட்டை இரட்டித்தால் 1,024. அதில் நேற்றைய குறைந்தபட்சத்தைக் கழித்தால் முதல் தடை நிலை 524. அதிகபட்சத்தைக் கழித்தால் முதல் ஆதரவு நிலை 504. நேற்றைய ஏற்ற இறக்கமான 20 ரூபாயை பிவட்டுடன் கூட்டினால் இரண்டாம் தடை 532, கழித்தால் இரண்டாம் ஆதரவு 492.

விலை 512-க்கு மேல் நிற்கும்வரை வாங்குவோர் கை ஓங்கியிருப்பதாக வர்த்தகர்கள் கொள்கிறார்கள். ஆனால் இரவில் வந்த செய்தியால் சந்தை 540-இல் திறந்தால், இந்த நிலைகள் எல்லாமே கீழே தங்கிவிடும். அன்று இந்தக் கணக்கை நம்பி வாங்கவோ விற்கவோ கூடாது.

முடிவு விலையிலும் கவனம் வேண்டும். கடைசியாகக் கைமாறிய விலையும் பங்குச்சந்தை அறிவிக்கும் முடிவு விலையும் வேறாக இருக்கலாம். இருவர் கணக்கு ஒத்துப்போகாவிட்டால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.