தாமதமாக வந்த பவுண்டு

வெளிநாட்டு நாணயத்தில் எழுதிய பில்லுக்குக் கெடு தாண்டிப் பணம் வருகிறது. இடையில் அந்த நாணயத்தின் மதிப்பு இறங்கிவிட்டது. பில்லில் எழுதிய தொகை ஒரு பென்னி குறையாமல் வங்கிக்கு வந்தாலும், விற்றவருக்குக் கையில் கிடைக்கும் ரூபாய் குறைகிறது. இந்தக் குறைவைத் தாமதம் செய்தவரிடம் கேட்டு வாங்க முடியுமா என்பது ஏற்றுமதியாளர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கேட்கலாம். ஆனால் கேட்பவர்களில் பெரும்பாலோர் தொகையையே தப்பாகக் கணக்கிட்டுக் கேட்கிறார்கள்.

டாலரில் பில் போடும் இந்திய ஏற்றுமதியாளருக்கு இந்தச் சிக்கல் அதிகம் வருவதில்லை. நீண்ட காலப் போக்கில் டாலருக்கு எதிராக ரூபாய்தான் இறங்கி வந்திருக்கிறது. ஆகவே தாமதமாக வரும் டாலர் சற்றுக் கூடுதல் ரூபாயைக்கூடத் தரலாம். பவுண்டு, யூரோ பில்களில்தான் அடி விழும். 2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதா என்று பிரிட்டன் வாக்களித்தது. அதுவரை நூறு ரூபாயை ஒட்டியிருந்த பவுண்டு, இரண்டே வாரத்தில் தொண்ணூறுக்குக் கீழே போனது.

அந்த நாட்களை வைத்து ஓர் உதாரணம் பார்க்கலாம். திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்று இங்கிலாந்துப் பையர் ஒருவருக்கு 40,000 பவுண்டுக்குச் சரக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் தேதி மார்ச் 24. கெடு 90 நாள், அதாவது ஜூன் 22. பணம் வந்ததோ ஜூலை 8-இல், 16 நாள் தாமதமாக. எளிமைக்காக விகிதங்களை முழு எண்ணாக எடுத்துக்கொண்டால், பில் போட்ட அன்று பவுண்டு 94 ரூபாய், கெடு நாளில் 99, பணம் வந்த அன்று 87.

நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் நஷ்டம் 2,80,000 ரூபாய் என்று தெரியும். ஏனெனில் கணக்காளர் விற்பனையை 94 ரூபாயில் பதிவு செய்திருப்பார். 87-க்கு வந்ததும் வித்தியாசத்தை மாற்று விகித நஷ்டம் என்று எழுதிவிடுவார். கணக்கியல் முறைப்படி அது சரி. ஆனால் பையரிடம் கேட்க வேண்டிய தொகை அதுவல்ல. பில் தேதியிலிருந்து கெடு நாள் வரை நடக்கும் ஏற்ற இறக்கம் முழுவதும் விற்றவரின் பொறுப்பு; 90 நாள் கடன் கொடுக்கச் சம்மதித்தவர் அவரே. பையரின் தவறு ஜூன் 22-க்குப் பிறகுதான் தொடங்குகிறது. கெடு நாளில் பணம் வந்திருந்தால் 39,60,000 ரூபாய் கிடைத்திருக்கும், வந்தது 34,80,000. தாமதத்தால் விளைந்த நஷ்டம் 4,80,000 ரூபாய். இந்த உதாரணத்தில் புத்தகக் கணக்கு நஷ்டத்தைக் குறைத்துக் காட்டுகிறது. பில் தேதியில் விகிதம் உயர்ந்து, கெடு நாளுக்கு முன்பே இறங்கியிருந்தால் கூட்டிக் காட்டும். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கை வைக்கும் இடமும் இதுதான்.

எந்த விகிதம் என்பதும் முக்கியம். செய்தித்தாளிலும் இணையத்திலும் வருவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலான எண். அந்த விலைக்கு எந்த வங்கியும் ஏற்றுமதியாளரிடம் பவுண்டு வாங்குவதில்லை. வங்கி தரும் டி.டி. வாங்கும் விலையைத்தான் இரண்டு நாட்களுக்கும் எடுக்க வேண்டும். பணம் வந்த நாளுக்கு, வெளிநாட்டுப் பணம் வரவானதற்கு வங்கி தரும் சான்றிதழ் போதும். கெடு நாளுக்கான விகிதத்தை வங்கிக் கிளையிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மாதங்கள் கழித்துத் தேடினால் சிரமம்.

தொகை சரியானாலும் சட்டம் எளிதில் வழிவிடுவதில்லை. கடன் 40,000 பவுண்டு. பையர் கொடுத்ததும் 40,000 பவுண்டு. கடன் என்ற வகையில் பாக்கி எதுவுமில்லை. ஆகவே இது பாக்கிப் பணத்துக்கான கோரிக்கை ஆகாது. ஒப்பந்தத்தை மீறித் தாமதம் செய்ததற்கான இழப்பீட்டுக் கோரிக்கை. பணம் கொடுக்கத் தாமதித்தால் வட்டிதான் இழப்பீடு என்பது பழைய வழக்கம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவின் கீழ் தரும் உதாரணங்களில் ஒன்று இதை அப்பட்டமாகக் காட்டுகிறது. குறித்த நாளில் பணம் வராததால் ஒருவர் தம் கடன்களை அடைக்க முடியாமல் முற்றிலும் நொடித்துப்போனாலும், தாமதித்தவர் தர வேண்டியது அசலும் கொடுக்கும் நாள் வரையிலான வட்டியும் மட்டுமே என்கிறது அது.

ஆனால் அதே 73-ஆம் பிரிவில் ஒரு திறப்பும் இருக்கிறது. ஒப்பந்தம் செய்யும்போதே, மீறினால் இன்ன நஷ்டம் வரக்கூடும் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தால், அந்த நஷ்டத்தைக் கேட்கலாம். இங்கிலாந்தில் 1854-இல் ஹாட்லி எதிர் பாக்சண்டேல் வழக்கில் சொன்ன விதியும் இதே சாயல்தான். மாற்று விகித நஷ்டம் இந்தத் திறப்பின் வழியாகத்தான் உள்ளே வர முடியும். அதை நன்றாகக் காட்டுவது 1979-இல் தீர்ப்பான ஓசலிட் வழக்கு. ஓசலிட் ஓர் ஆங்கில நிறுவனம். அதற்கு ஒரு வங்கி கடன் கடிதத்தின் பேரில் டாலரில் பணம் தர வேண்டியிருந்தது. வங்கி தாமதித்தது, அதற்குள் பவுண்டுக்கு எதிராக டாலர் இறங்கியது. ஓசலிட் பவுண்டில் தொழில் செய்யும் நிறுவனம் என்பதையும், வந்த டாலரை உடனே பவுண்டாக மாற்ற வேண்டும் என்று அன்றைய செலாவணிக் கட்டுப்பாடு சொன்னதையும் வங்கி அறிந்தே இருக்க வேண்டும் என்று நீதிபதி டொனால்ட்சன் கருதி, மாற்று விகித நஷ்டத்தைக் கொடுக்கச் சொன்னார்.

இந்திய ஏற்றுமதியாளரின் நிலையும் கிட்டத்தட்ட அதுவே. ஏற்றுமதிப் பணத்தை நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். வந்த நாணயத்தை அதற்கான வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைத்திருக்கலாம். ஆனால் அனுமதிக்கப்பட்ட செலவுகள் போக மீதியை அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக்க வேண்டும் என்பதே பொது விதி. கூலி, நூல், சாயம் எல்லாமே ரூபாயில்தான். இதைப் பையருக்குத் தெரியாத செய்தி என்று சொல்ல முடியாது. இருந்தாலும், ஒப்பந்தத்தின்போதே தெரிந்திருந்தது என்பதை விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். கெடு தாண்டிய பிறகு அனுப்பும் மின்னஞ்சல் இதற்கு உதவாது. ஆர்டர் பேசும்போது அனுப்பிய விலைக் குறிப்பில் ரூபாய் அடக்கவிலையும் கணக்கில் எடுத்த விகிதமும் இருந்தால் அது உதவும்.

அடுத்து, நஷ்டம் உண்மையிலேயே நேர்ந்ததா என்ற கேள்வி. முன்னதாகவே வங்கியிடம் ஃபார்வர்ட் போட்டவருக்குக் கணக்கு மாறிவிடும். மேலே சொன்ன நிறுவனம் 40,000 பவுண்டை ஜூன் கடைசிக்குள் தருவதாக 97 ரூபாய்க்கு விற்று வைத்திருந்தது என்று கொள்வோம். கெடு நாளில் பணம் வந்திருந்தாலும் அதற்குக் கிடைத்திருக்கக்கூடியது 99 அல்ல, 97-தான். மொத்தம் 38,80,000 ரூபாய். பணம் வராததால் வங்கி ஜூன் 30 அன்று, பவுண்டு 90 ரூபாயில் இருக்கும்போது, ஒப்பந்தத்தை முடித்துவிடுகிறது. 97-க்கு விற்றதை 90-க்குத் திரும்ப வாங்கிய கணக்கில் 2,80,000 ரூபாய் லாபம் வரும். ஜூலை 8-இல் வந்த 34,80,000-உடன் அதைச் சேர்த்தால் 37,60,000. உண்மையான நஷ்டம் 1,20,000 ரூபாய், அதோடு வங்கிக் கட்டணம். இந்த லாபத்தை மறைத்து 4,80,000 கேட்டால், கோரிக்கை முழுவதுமே சந்தேகத்துக்குள்ளாகும். பவுண்டிலேயே ஏற்றுமதிக் கடன் வாங்கியவருக்கும் இதே கதிதான். வந்த பவுண்டில் 30,000 அந்தக் கடனை அடைக்கப் போனால், அந்தப் பகுதிக்கு மாற்று விகித நஷ்டம் இல்லை. கடன் நாட்கள் கூடியதற்கான வட்டியை மட்டும் கேட்கலாம்.

வட்டி தனி. ஒப்பந்தம் ஆங்கிலச் சட்டத்துக்கு உட்பட்டதாகவும் வேறு வட்டி பேசப்படாததாகவும் இருந்தால், 1998-ஆம் ஆண்டின் வணிகக் கடன் தாமதச் சட்டம் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 8 சதவீதம் தருகிறது. இந்தக் கடனுக்குப் பொருந்தும் அடிப்படை விகிதம் 0.5, ஆக 8.5 சதவீதம். 16 நாளுக்கு 149 பவுண்டு, அதோடு பத்தாயிரம் பவுண்டும் அதற்கு மேலும் உள்ள கடனுக்கான நிலையான தொகை 100 பவுண்டு. எல்லாம் சேர்த்து இருபத்தோராயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். நஷ்டத்துக்குப் பக்கத்தில் இது தூசு. ஆனாலும் சட்டம் நேரடியாகத் தருவதால் வாதாடாமலே கேட்கலாம். ரூபாய் நஷ்டத்தோடு வட்டியையும் கேட்கும்போது ஒரே இழப்புக்கு இருமுறை கேட்பதாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை நிரூபணங்களையும் தவிர்ப்பது ஒப்பந்தத்தில் ஒரு வாசகம். கெடு நாளுக்கும் பணம் வரவான நாளுக்கும் இடையே, விற்றவரின் வங்கி தரும் டி.டி. வாங்கும் விலையில் ஏற்படும் குறைவைப் பையர் ஈடு செய்ய வேண்டும் என்று அது சொன்னால் போதும். உண்மை நஷ்டத்தை மட்டும் அளப்பதால் அதை அபராதம் என்று ஒதுக்குவது கடினம். இடம்தான் முக்கியம்: பையர் ஒப்புக்கொண்ட புரோஃபார்மாவிலோ விற்பனை ஒப்பந்தத்திலோ இருக்க வேண்டும். சரக்கு போன பிறகு பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்த வாசகம், முடிந்துபோன ஒப்பந்தத்தில் புதிய நிபந்தனையைச் சேர்க்காது. தொடர்ந்து வாங்கும் பையரானால், முந்தைய பில்களிலும் அதே வாசகம் இருந்து அவர் மறுக்காமல் வந்திருந்தால் வாதிட ஓரளவு இடமுண்டு.

பணம் வந்த அன்றைய கடிதமும் கவனிக்க வேண்டியது. கணக்கு முடிந்தது, நன்றி என்று பழக்கத்தில் ஒரு வரி எழுதினால் பின்னால் அதுவே எதிராக நிற்கும். தொகை வந்தது, தாமதத்தால் நேர்ந்த நஷ்டத்தைக் கேட்கும் உரிமை நிலுவையில் உள்ளது என்று எழுதி, இரு நாள் விகிதங்களோடு கணக்கையும் இணைத்து டெபிட் நோட் அனுப்ப வேண்டும். வழக்குத் தொடுக்க இந்தியாவில் மூன்று ஆண்டும் இங்கிலாந்தில் ஆறு ஆண்டும் காலவரம்பு. ஆனால் ஐந்து லட்சம் ரூபாய்க்காக லண்டனில் வக்கீல் வைத்தால் செலவே அதைத் தாண்டிவிடும். அதனால் பெரும்பாலான டெபிட் நோட்டுகள் நீதிமன்றம் போவதில்லை. அடுத்த ஆர்டரின் விலை பேசும் மேசையில் வைக்கப்பட்டு, பாதி பையர் தலையிலும் பாதி விற்றவர் தலையிலும் போய்ச் சேருகின்றன.