திரையில் தெரிந்த பெயர் தாளில் எங்கே போனது?



கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வாசலிலிருந்து சந்திப்புக்கு நடந்து வந்தால் வழியில் ஃபோட்டோஸ்டாட் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஊரிலிருந்து வரும் விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்து அச்செடுக்க நம் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் அங்கேதான் போகிறோம். சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, எங்கள் பக்கத்து வீட்டுத் தென்காசி அம்மாள் கையில் இரண்டு தாள்களோடு வந்து நின்றார்.

"அண்ணாச்சி, மகளுக்குக் காலேஜ் விண்ணப்பம். நாளைக்குத் தபால்ல சேர்க்கணும். போன்ல எல்லாம் சரியாத்தான் தெரியுது. கடையில எடுத்தா பேரு இருக்க வேண்டிய இடம் வெறுங் கட்டமால்லா வந்திருக்கு!"

தாளைப் பார்த்தேன். தமிழில் பெயர் எழுதும் கட்டம் காலி. ஆங்கிலத்தில் எழுதியவை இருந்தன. ஆனால் வேறு எழுத்துருவில், கட்டத்தை மீறி வந்திருந்தன. முகவரிக்குக் கட்டம் இல்லாததால் மகள் தனியாகத் தட்டச்சு செய்து ஒட்டியிருந்த வரிகள் அடியோடு காணோம். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் வந்த கோப்பிலேயே கோளாறு இருந்தது.

அடோபி நிறுவனம் பிடிஎஃப் முறையை 1993-இல் வெளியிட்டதே, எந்தக் கணிப்பொறியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். பக்கத்தில் எந்த எழுத்து எந்த இடத்தில் வரவேண்டும் என்பது கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஆனால் 1996-இல் வந்த 1.2 பதிப்பில், நாமே நிரப்பக்கூடிய படிவக் கட்டங்கள் சேர்ந்தன. இந்தக் கட்டங்கள் பக்கத்தின் பகுதி அல்ல. பக்கத்தின் மேல் வைத்த கண்ணாடித் துண்டுகள் போன்றவை. நாம் ஒட்டும் குறிப்புகளும் அப்படியே.

ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, நாம் எழுதிய விவரம். மற்றொன்று, அந்த விவரம் எப்படித் தெரிய வேண்டும் என்ற படம். படிவத்தை நிரப்பும் மென்பொருள் இரண்டையும் எழுதி வைத்தால் தொல்லையில்லை. சில மென்பொருள்கள் விவரத்தை மட்டும் எழுதிவிட்டு, 'படத்தைத் திறப்பவரே வரைந்து கொள்ளட்டும்' என்று ஓர் அடையாளத்தை வைத்து விடுகின்றன. அந்த அடையாளத்தின் பெயர் NeedAppearances. கடைக் கணிப்பொறி படத்தை வரைய முயலும்போது படிவத்தில் குறித்திருக்கும் எழுத்துருவைத் தேடும். அது பெரும்பாலும் ஹெல்வெடிகா. அதில் தமிழ் எழுத்தே கிடையாது. அதனால் பெயர் காலியாகவோ வெறும் சதுரங்களாகவோ வருகிறது. தமிழ் எழுத்துரு கிடைத்தாலும், கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்க்கத் தெரியாத மென்பொருள் 'கோ' என்ற எழுத்தைச் சிதைத்து விடும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. கோப்பை என் கணிப்பொறியில் திறந்து காலிக் கட்டத்துக்குள் சொடுக்கினேன். பெயர் தெரிந்தது. வெளியே சொடுக்கினேன். மறைந்தது! விவரம் இருக்கிறது, படம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

முகவரி மறைந்ததற்குக் காரணம் வேறு. ஒட்டிய ஒவ்வொரு குறிப்புக்கும் 'அச்சில் வரலாம்' என்ற ஓர் அனுமதி இருக்கிறது. அந்த அனுமதி இல்லாத குறிப்பு திரையில் தெரியும், தாளில் வராது. மகள் பயன்படுத்திய மென்பொருள் அந்த அனுமதியைக் கொடுக்கவில்லை.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கண்ணாடித் துண்டுகளில் உள்ளதைப் பக்கத்திலேயே எழுதிவிட்டுத் துண்டுகளை நீக்கி விடுவது. இதைத் தட்டையாக்குதல் என்கிறார்கள். எளிய வழி, நாம் கண்ணால் சரியாகப் பார்க்கும் கணிப்பொறியிலேயே அச்சுக் கட்டளை கொடுத்து, அச்சுப்பொறிகளின் பட்டியலில் Microsoft Print to PDF என்பதைத் தேர்ந்தெடுப்பது. விண்டோஸ் 10 முதல் இது கூடவே வருகிறது. தாளுக்குப் பதில் புதிய பிடிஎஃப் கோப்பு கிடைக்கும்.

நானும் முதலில் அதைத்தான் செய்யப் போனேன். வேறொரு மென்பொருளில் படிவத்தைத் திறந்ததும் தமிழ்ப் பெயர் ஒழுங்காகத் தெரிந்தது. அதிலிருந்து புதிய கோப்பும் எடுத்தேன். பெயர் வந்தது, முகவரி மட்டும் மறுபடியும் இல்லை. யோசித்தால் நியாயம்தான்: இதுவும் ஓர் அச்சு, முகவரிக்கோ அச்சு அனுமதி இல்லை.

ஆகவே முதலில் முகவரியைப் பக்கத்தோடு சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கு qpdf என்ற இலவச மென்பொருள் உதவியது. அதன் கட்டளை இதுதான்:

```
qpdf --flatten-annotations=all padivam.pdf puthiyathu.pdf
```

all என்றால், மறைத்து வைத்தவை தவிர எல்லாவற்றையும் பக்கத்தில் எழுது என்று பொருள். அந்த இடத்தில் print என்று கொடுத்தால், அச்சு அனுமதி உள்ளவை மட்டுமே சேரும். முகவரி மீண்டும் போயிருக்கும். கட்டளை முடிந்ததும் ஓர் எச்சரிக்கை வந்தது: கட்டங்களின் படங்கள் புதுப்பிக்கப்படவில்லை, எனவே அவற்றைத் தட்டையாக்கவில்லை என்று. நல்லதுதான். முகவரி பக்கத்தில் ஏறிவிட்டது, பெயர்க் கட்டம் முன்போலவே இருந்தது. பிறகு அந்தப் புதிய கோப்பைத் தமிழ் சரியாகத் தெரியும் மென்பொருளில் திறந்து, மேலே சொன்னபடி பிடிஎஃப் ஆக அச்சிட்டேன். தாளின் அளவை ஏ4 என்றும், அளவை மாற்றாமல் Actual size என்றும் வைத்தேன். Fit என்று விட்டால் பக்கம் கொஞ்சம் சுருங்கிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. NeedAppearances அடையாளமும் இல்லாமல் படமும் இல்லாமல் இருக்கும் கட்டத்தின் விவரம் qpdf-இல் சத்தமில்லாமல் போய்விடக்கூடும். ஆகவே மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள். புதிய பெயரில்தான் சேமிக்க வேண்டும். தட்டையாக்கிய பின் கட்டத்தைத் திருத்த முடியாது என்பதும் மூலத்தை வைத்துக்கொள்ள ஒரு காரணம். மின்னணுக் கையொப்பம் இட்ட படிவமானால் தட்டையாக்கவே கூடாது. கோப்பு மாறியதும் கையொப்பம் செல்லாததாகிவிடும்.

வேலை முடிந்ததை எப்படி அறிவது? கட்டத்துக்குள் சொடுக்கினால் எழுதும் குறி வரக்கூடாது. கட்டங்களின் வெளிர்நீல நிறம் மறைந்திருக்க வேண்டும். பிறகு கோப்பை நிரப்பாத வேறொரு கருவியில், உதாரணமாக வேறொருவர் கைப்பேசியில், திறந்து ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த அம்மாளின் கைப்பேசியில் அனுப்பிப் பார்த்தோம். பெயர், முகவரி, தேதி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

மணி எட்டரை. அதே கடை அடைக்கும் நேரம். மகள் ஓடிப்போய் அச்செடுத்து வந்தாள். தாளில் தமிழில் தன் பெயரைத் தொட்டுப் பார்த்தவள் சிரித்தாள். மறுநாள் காலை விண்ணப்பம் தபாலில் சேர்ந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் படிவம் நிரப்பிக் கடைக்கு அனுப்புமுன், ஒரு கட்டத்துக்குள் சொடுக்கிப் பாருங்கள். குறி மின்னினால், அது இன்னும் கண்ணாடித் துண்டுதான்.