அதிகாலை 5.29-இல் அறுபத்தோராவது செக்கன்

2017 ஜனவரி 1-ஆம் திகதி அதிகாலை திருகோணமலைத் துறைமுகத்தில் உத்தியோகபூர்வ நேரம் 05:29:59-இலிருந்து நேரே 05:30:00-க்குப் போகவில்லை. இடையில் 05:29:60 என்று ஒரு செக்கன் வந்து போனது. உலகம் முழுவதும் அதே கணத்தில்தான் அது சேர்க்கப்பட்டது. கிரீனிச்சில் அப்போது டிசம்பர் 31-இன் நள்ளிரவு. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது என்பதால் நமக்கு அது விடிகாலைச் சமாச்சாரம்.

1972-இலிருந்து இப்படி 27 லீப் செக்கன்கள் சேர்க்கப்பட்டுள்ளன, கடைசியானது இதுதான். இவற்றில் 2005-ஆம் ஆண்டின் முடிவில் வந்தது இந்த மாவட்டத்தில் இரண்டு நேரங்களில் விழுந்தது. அரசின் நேரம் அன்று கிரீனிச்சைவிட ஆறு மணித்தியாலம் முந்தியிருந்ததால் திருகோணமலை நகரில் அது 05:59:60. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் பழைய ஐந்தரையையே வைத்திருந்தபடியால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் சம்பூரில் 05:29:60. 2006 ஏப்ரலில்தான் நாடு ஐந்தரைக்குத் திரும்பியது.

அணுக் கடிகாரம் ஒரு நாளுக்குச் சரியாக 86,400 செக்கன் எண்ணுகிறது. பூமி ஒரு சுற்றை முடிக்க எடுக்கும் நேரமோ கடந்த அரை நூற்றாண்டின் பெரும்பகுதியில் அதைவிட ஒன்றிரண்டு மில்லிசெக்கன் கூடுதலாகவே இருந்தது. சில ஆண்டுகளில் அந்தத் துளிகள் சேர்ந்து ஒரு செக்கனை எட்டிவிடும். வித்தியாசம் 0.9 செக்கனைத் தாண்டக்கூடாது என்பது விதி. பாரிஸில் உள்ள பூமிச் சுழற்சிச் சேவை சுமார் ஆறு மாதம் முன்னதாகவே அறிவித்து, ஜூன் அல்லது டிசம்பர் முடிவில் ஒரு செக்கனைச் செருகும்.

இந்தக் கவலை யாருக்காக? கப்பலோட்டிகளுக்காக. செக்ஸ்டன்ட் கருவியால் விண்மீனின் உயரத்தை அளந்து தன் இடத்தைக் கணிக்கும் மாலுமிக்கு வேண்டியது பூமி எவ்வளவு சுழன்றிருக்கிறது என்பது. திருகோணமலை அமைந்துள்ள அகலாங்கில் பூமி செக்கனுக்கு ஏறக்குறைய 460 மீற்றர் கிழக்கே சுழல்கிறது. நேரத்தில் ஒரு செக்கன் பிழைத்தால் கிழக்கு மேற்காக அவ்வளவு தூரம் பிழைக்கும். அந்த 27 செக்கன்களையும் சேர்க்காமலே விட்டிருந்தால், இன்று கடிகாரத்தை மட்டும் நம்பிக் கணக்குப் போடுபவரின் கப்பல் வரைபடத்தில் 12 கிலோமீற்றர் தள்ளி நிற்கும். ஜனவரியில் இங்கே ஐந்தரை மணிக்குச் சற்றுப் பிறகுதான் விண்மீன்களும் அடிவானமும் ஒருசேரத் தெரியத் தொடங்கும். செக்ஸ்டன்டை எடுக்கும் வேளை அது.

ஆனால் அதே துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களின் மின்னணுக் கருவிகளுக்கு இந்த ஏற்பாடு அவ்வளவு உவப்பானதல்ல. ஜி.பி.எஸ். தன் சொந்த நேரத்தில் லீப் செக்கனைச் சேர்ப்பதே இல்லை. இன்று அது உலக நேரத்தைவிட 18 செக்கன் முந்தி நிற்கிறது. அந்த 18-ஐத் தனித் தகவலாக அனுப்பி, கழிக்கும் வேலையைக் கருவியிடம் விட்டுவிடுகிறது. கப்பல்கள் தம் இருப்பிடத்தை ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். முறையில் இன்னொரு வேடிக்கை. ஒவ்வொரு இருப்பிடச் செய்தியிலும் அது உருவான செக்கன் 0 முதல் 59 வரை ஓர் எண்ணாகக் குறிக்கப்படும். 60 என்ற எண்ணும் உண்டு, ஆனால் அதற்குப் பொருள் ‘நேரம் கிடைக்கவில்லை’. அந்த எண்ணை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டார்கள்!

கணினிகளின் சங்கடமும் இதே வகைதான். பெரும்பாலான சர்வர்கள் 1970 ஜனவரி 1-இலிருந்து கழிந்த செக்கன்களை ஒரே எண்ணாக வைத்திருக்கின்றன, அதிலும் ஒவ்வொரு நாளும் 86,400 என்றே கணக்கு. கிரீனிச்சில் 2017 புத்தாண்டு பிறந்த கணத்தின் எண் 1483228800. அதற்கு முந்தைய செக்கன் 1483228799. இரண்டுக்கும் நடுவே இன்னொரு செக்கனை வைக்க இடமில்லை. லினக்ஸ் என்ன செய்கிறது என்றால், 1483228799 முடிந்ததும் கடிகாரத்தை ஒரு செக்கன் பின்னுக்குத் தள்ளி, அதே எண்ணை இரண்டாம் தடவை ஓடவிடுகிறது. நேரம் பின்னோக்கிப் போகாது என்று நம்பி எழுதப்பட்ட நிரல்கள் அங்கேதான் இடறுகின்றன. கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டி.என்.எஸ். நிரலில் அன்று இரண்டு நேரங்களைக் கழித்தபோது விடை பூச்சியத்துக்குக் கீழே போய், அந்த நிரல் செயலிழந்தது.

அதைவிடப் பெரிய கூத்து 2012 ஜூலை 1, ஞாயிறு காலை 5.30-க்கு நடந்தது. லினக்ஸ் கேர்னல் லீப் செக்கனை முறையாகச் சேர்த்தது. ஆனால் நேரம் மாறிய சேதியைத் தன் உள்ளேயே இருக்கும் நுண்டைமர் பகுதிக்குச் சொல்ல மறந்தது. டைமர்கள் ஒரு செக்கன் முந்தி ஓடத் தொடங்கின. ‘அரைச் செக்கன் தூங்கிவிட்டு எழுந்து பார்’ என்று கட்டளை பெற்ற நிரல், தூங்குவதற்கு முன்பே நேரம் முடிந்துவிட்டது என்று எழுப்பப்பட்டது. எழுந்து பார்த்தது, வேலை இல்லை, மறுபடி படுத்தது, மறுபடி எழுப்பப்பட்டது. இப்படிச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை. ஜாவா, மைஎஸ்கியூஎல் ஓடிய சர்வர்களில் புரொசஸர் நூறு சதவீதத்தைத் தொட்டது. ரெடிட் தளம் முடங்கியது. அமடியஸ் கணினி அமைப்பு நின்றதால் குவாண்டாஸ் பயணிகள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் தரவு மையங்களில் மின்பாவனை சுமார் ஒரு மெகாவாட் எகிறியது. இத்தனைக்கும் மருந்து ஒரே வரி:

```
date -s "$(date)"
```

இப்போதைய நேரத்தையே மறுபடி ‘இதுதான் நேரம்’ என்று வைக்கச் சொல்லும் கட்டளை இது. நேரத்தை வைக்கும்போது டைமர் பகுதிக்குச் சேதி போகும். அதோடு எல்லாம் அடங்கிவிடும்.

கூகுள் வேறு வழி பிடித்தது. செக்கனை ஒரேயடியாகச் செருகாமல் 24 மணித்தியாலத்தில் கரைத்துவிடுவது அதன் இப்போதைய முறை. டிசம்பர் முடிவில் செக்கன் வந்தால், நம் நேரப்படி டிசம்பர் 31 மாலை 5.30 முதல் மறுநாள் மாலை 5.30 வரை அதன் சர்வர்களின் ஒவ்வொரு செக்கனும் 11.6 மைக்ரோசெக்கன் நீளும். எந்த எண்ணும் இரண்டு தடவை வராது, கடிகாரம் பின்னே போகாது. எனக்கு இது நேர்த்தியான யோசனையாகவே படுகிறது. ஆபத்து, எல்லாச் சர்வர்களும் ஒரே முறையைப் பின்பற்றாதபோதுதான்.

ஒரு துறைமுக அலுவலகத்தில் இரண்டு சர்வர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வானொலி உரையாடலைப் பதியும் சர்வர் கூகுள் நேரத்தையும், கப்பல் அசைவைப் பதியும் சர்வர் வழமையான நேரத்தையும் எடுக்கின்றன. காலை ஐந்தரைக்குச் சற்று முன் முதலாவது அரைச் செக்கன் பின்தங்கியிருக்கும். கப்பல் அசைந்தது 05:29:50.0-க்கு, 0.3 செக்கன் கழித்து வந்த வானொலிச் செய்தி பதிவானதோ 05:29:49.8-க்கு. விபத்து விசாரணை ஒன்று வந்தால், பதிவேட்டின்படி செய்திதான் முதலில் வந்தது! அதனால்தான் கரைத்த நேரத்தையும் கரைக்காத நேரத்தையும் ஒரே வலையமைப்பில் கலக்கவேண்டாம் என்று கூகுளே எச்சரிக்கிறது. சர்வருக்கு லீப் செக்கன் சேதி வந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். `chronyc tracking` என்று கேட்டால் கடைசி வரியில் சாதாரண நாட்களில் `Normal` என்றிருக்கும். செக்கன் வரும் நாளில் இப்படி:

```
Leap status     : Insert second
```

கரைத்த நேரத்தை எடுக்கும் சர்வரில் அன்றும் `Normal` என்றே நிற்கும். ஒரே அலுவலகத்தில் இரண்டு விதப் பதில் வந்தால் விழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

2022 நவம்பரில் எடைகள், அளவைகள் பற்றிய பொது மாநாடு, 0.9 செக்கன் என்ற எல்லையை 2035-க்குள் தளர்த்துவதெனத் தீர்மானித்தது. நடைமுறையில் லீப் செக்கனுக்கு விடைகொடுப்பதுதான் இது. மாலுமிகளுக்கு வித்தியாசத்தைத் தனி எண்ணாகக் கொடுத்தால் போதும்; இப்போதும் நேரச் சமிக்ஞைகளோடு அப்படி ஓர் எண் வருகிறது.

அதுவரை ஒரு சிக்கல் மிச்சம். 2020 முதல் பூமி கொஞ்சம் வேகமாகச் சுழல்கிறது. இது நீடித்தால் ஒரு செக்கனைக் கழிக்க நேரலாம். அப்படி நேர்ந்தால் திருகோணமலையில் 05:29:58-க்குப் பிறகு 59 வராது, நேரே 05:30:00 தான். விதியில் அதற்கு 1972 முதலே இடம் உண்டு, நிரல்களிலும் அதற்கான வரிகள் உண்டு. ஆனால் உண்மையான உலக நேரத்தில் அந்த வரிகள் ஒரு தடவைகூட ஓடியதில்லை.